கிராமத்து ஓவியத்துக்கு ஒரு கவிதைப் பதில்: பள்ளி ஒப்படைப்புக்கான முழு வழிகாட்டி

கலை ரசனைப் பாடத்தில் ஒரு கிராமத்து ஓவியத்தைக் கொடுத்து, அதைப் பார்த்து ஒரு கவிதை எழுதி வரச் சொல்வார்கள். பெரும்பாலான மாணவர்கள் செய்வது ஒன்றுதான்: ஓவியத்தில் இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் உழைப்பைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடுவது. அதில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் அது ஓவியத்தைப் பற்றிய குறிப்பு, ஓவியத்துக்குச் சொன்ன பதில் இல்லை.

இந்த வேறுபாடு தமிழில் ரொம்பப் பழையது. பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள், ‘இவள் அகலிகை, இவன் கௌதமன்’ என்று ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். நெடுநல்வாடையில் அரசி கட்டிலில் படுத்தபடி மேலே உள்ள விதானத்தைப் பார்க்கிறாள். அங்கே நிலவும், அதைப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டிருக்கின்றன. போருக்குப் போன கணவன் அருகில் இல்லை. அவள் உரோகிணியை நினைத்துப் பார்த்து நெடுமூச்சு விடுகிறாள். முதலாவது அடையாளம் சொல்வது, இரண்டாவது பதில். நீங்கள் எழுத வேண்டியது இரண்டாவது வகை. அந்த நெடுமூச்சு வருவதற்கு அரசி முதலில் ஓவியத்தில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு, முதல் பார்வையிலிருந்து கடைசிக் குறிப்பு வரை போகலாம். பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1857இல் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’. பாரிஸில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் Des glaneuses Millet என்று தட்டினால் கிடைக்கும். உங்களுக்குக் கொடுக்கப்பட்டது வேறு ஓவியமாக இருந்தாலும் செய்முறை இதேதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தேடலில் வரும் முதல் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பிரதிகள் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் நிறம் கூட்டப்பட்டிருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து பெரிய அளவுப் படத்தை எடுங்கள். இந்த ஓவியத்தில் வலப்பக்கம் தொலைவில் குதிரைமேல் ஒருவர் மிகச் சிறியதாக இருக்கிறார். சின்னப் படத்தில் அவர் ஒரு புள்ளியாகக் காணாமல் போய்விடுவார். அவரைப் பார்க்காமல் எழுதினால் கவிதையின் பாதி போய்விடும்.

முதலில் பார்ப்பது, அப்புறம்தான் படிப்பது

ஓவியத்தைப் பற்றி எதையும் படிக்காமல் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். படித்துவிட்டுப் பார்த்தால், படித்தது மட்டும்தான் கண்ணில் படும். எழுதுவது வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. பொருள், நிறம், உடல் இருக்கும் நிலை, இவை போதும். முன்னாலிருந்து பின்னால் போகும் வரிசை நல்லது. பெரிதாக இருப்பதற்கே கண் திரும்பத் திரும்பப் போகாமல், தொலைவில் இருப்பதையும் அது கவனிக்க வைக்கும்.

மில்லேயின் ஓவியத்துக்கு அப்படி எழுதினால் இந்த மாதிரி வரும். முன்னால் அறுவடை முடிந்த தரை, அரிதாள். மூன்று பெண்கள். இடது ஓரத்தில் நீலத் தலைத்துணி கட்டியவள் நன்றாகக் குனிந்திருக்கிறாள், ஒரு கை முதுகுப்பக்கம் மடங்கியிருக்கிறது. நடுவில் சிவப்புத் தலைத்துணி கட்டியவள், அவளும் குனிந்திருக்கிறாள், ஒரு கையில் சேர்த்த கதிர், மறு கை தரையில். வலப்பக்கம் உள்ளவள் மட்டும் பாதி குனிந்த நிலையில், கையில் பிடித்த கதிரோடு. யாருடைய முகமும் தெளிவாக இல்லை. பின்னால் தூரத்தில் வெளிச்சம், பெரிய கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, கூட்டமாக ஆட்கள். வலப்பக்கம் தொலைவில் வீடுகள், குதிரைமேல் ஒருவர்.

இந்தப் பட்டியலில் ‘வறுமை’, ‘சோகம்’, ‘களைப்பு’ என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை கண்ணுக்குத் தெரிந்தவை அல்ல, நாம் ஊகித்தவை. தாளை நடுவே கோடு போட்டுப் பிரித்து, பார்த்ததை இடப்பக்கமும் ஊகித்ததை வலப்பக்கமும் எழுதினால் இது தானாகவே சரியாகிவிடும். கவிதையை இடப்பக்கத்துச் சொற்களால் எழுத வேண்டும். வலப்பக்கத்தில் உள்ளவை படிப்பவர் மனதில் எழ வேண்டியவை. அவற்றை நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு வேலை இல்லாமல் போகும்.

பட்டியல் முடிந்ததும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: ஓவியர் எதைக் காட்டாமல் விட்டார்? இந்த ஓவியத்தில் முகம் இல்லை. அதற்குப் பதிலாக முதுகும் கையும் இருக்கின்றன. குனிந்த இருவரின் தலையும் தொடுவானத்துக்குக் கீழே இருக்கின்றன. விளைச்சல் முழுக்கத் தொலைவில் இருக்கிறது, பெண்கள் அருகில் இருக்கிறார்கள். வெளிச்சமும் அங்கேதான் அதிகம். எங்கே என்ன வைத்திருக்கிறார் என்பதிலேயே ஓவியர் தன் பேச்சைப் பேசிவிட்டார்.

எவ்வளவு படிக்கலாம்

இப்போது ஓவியத்தைப் பற்றிப் படிக்கலாம், ஆனால் கொஞ்சமாக. மில்லே நார்மண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1849 முதல் பார்பிசோன் என்ற கிராமத்தில் வாழ்ந்தவர். இது குறிப்பில் எழுத உதவும், கவிதைக்குத் தேவைப்படாது. கவிதைக்குத் தேவைப்படுவது, ஓவியத்தில் கண்ட ஒன்றின் பொருளை மாற்றிவிடும் தகவல் மட்டும்.

அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று, அறுவடை செய்தவர்கள் விட்டுப்போன கதிரைப் பொறுக்கிக்கொள்வது அன்றைய பிரான்சில் ஏழைகளுக்குத் தரப்பட்ட உரிமை. ஆனால் அதற்கு விதிகள் இருந்தன. விளைச்சல் எடுக்கப்பட்ட பிறகுதான், அதுவும் வெளிச்சம் இருக்கும்வரைதான். இதைத் தெரிந்துகொண்டு திரும்ப ஓவியத்தைப் பார்த்தால், அந்தச் சாய்ந்த மாலை வெளிச்சம் வெறும் அழகாக இருப்பதில்லை, அது தீர்ந்துகொண்டிருக்கும் நேரம். இரண்டாவது, குதிரைமேல் இருப்பவர் பண்ணையின் கண்காணிப்பாளராக இருக்கலாம் என்பது. அறுவடையையும் பார்த்துக்கொள்வார், பொறுக்குபவர்கள் விதியை மீறுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்வார். ஒரு புள்ளி மாதிரி இருந்த ஆள் இப்போது கனமாகிவிட்டார்.

இன்னொரு தகவலும் கிடைக்கும்: மூன்று பெண்களும் ஒரே வேலையின் மூன்று நிலைகள், அதாவது குனிவது, எடுப்பது, நிமிர்வது என்று ஓர்சே அருங்காட்சியகமே விளக்குகிறது. நல்ல விளக்கம். ஆனால் அதை அப்படியே கவிதையில் வைத்தால் அது அவர்கள் பார்வை, உங்களுடையது இல்லை. மூன்றாவது பெண்ணை மறுபடியும் பாருங்கள். அவள் நிமிர்கிறாள் என்பதற்கு ஓவியத்தில் என்ன சாட்சி? அவள் முதுகு பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். அடுத்த நொடியில் அது மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். நிலைத்து நிற்கும் ஓவியத்தால் அதைச் சொல்லவே முடியாது. இங்கேதான் கவிதைக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது. ஓவியம் சொல்லாமல் விட்ட இடம் எதுவோ, அதுதான் கவிதை நுழையும் வாசல். அது கிடைக்கும்வரை முதல் வரியை எழுதத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

யார் பேசுவது, யாரிடம்

அடுத்து ஒரே ஒரு முடிவு. கவிதையில் பேசுவது யார்? ஓவியத்துக்குள் இருக்கும் ஒருவர் பேசலாம், பார்ப்பவர் ஓவியத்தில் இருப்பவரிடம் பேசலாம், ஓவியரிடம் கேட்கலாம், ஒரு பொருளே கூடப் பேசலாம்.

மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது முதல் வழி: ‘நான் ஒரு ஏழைப் பெண்’ என்று தொடங்கிவிடுவார்கள். இது எளிதாகத் தெரியும், ஆனால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. அப்படிப் பேசும் பெண் தன் வாழ்க்கையைத் தானே விளக்க ஆரம்பித்துவிடுகிறாள். நிஜத்தில் குனிந்து வேலை செய்யும் எவரும் தன்னை ‘வறுமையில் வாடுபவள்’ என்று அழைத்துக்கொள்வதில்லை. பாத்திரமாகப் பேசுவதானால், அவள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பேச வேண்டும். அவள் குனிந்திருப்பதால் தரையும் கையும்தான் தெரியும், பின்னால் உள்ள கதிர்ப்போர்கள் தெரியாது. இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்ற முடிந்தால் அந்த வழியும் நல்லதே.

நமக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது பெண்ணைப் பற்றிய கேள்வி. அதனால் பார்ப்பவர் அவளிடம் பேசுவது இயல்பு. பேசுபவரையும் கேட்பவரையும் முடிவு செய்துவிட்டால் கடைசிவரை மாற்றக் கூடாது. நடுவில் ‘அவள்’ ‘நீ’ ஆவது பரவாயில்லை, அதற்குக் காரணம் இருந்தால். ‘நான்’ திடீரென்று ஓவியராகவோ கதிராகவோ மாறினால் கவிதை குழம்பிவிடும்.

முதல் வரைவும் அதில் உள்ள பிழையும்

முதல் வரைவு எல்லாருக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

பொன்னிற வயலில் பெண்கள் மூவர்
கதிர் பொறுக்கும் காட்சி பாரீர்
வறுமை அவர்களை வாட்டி வதைக்க
உழைப்பின் பெருமை உலகம் அறியுமா

ஓசை சரியாக இருக்கிறது. அதுதான் ஏமாற்றும். இதை மில்லேயின் இன்னொரு ஓவியத்தின் கீழே ஒட்டிப் பாருங்கள். ‘மாலை மணி வழிபாடு’ என்ற அவருடைய ஓவியத்தில் ஓர் ஆணும் பெண்ணும் வயலில் தலை குனிந்து நிற்கிறார்கள். ‘பெண்கள் மூவர்’ என்பதை ‘மனிதர் இருவர்’ என்றும் ‘கதிர் பொறுக்கும்’ என்பதை ‘தலை குனியும்’ என்றும் மாற்றினால் போதும், கவிதை அங்கேயும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால் உங்கள் கவிதை எந்த ஓவியத்தையும் பார்க்கவில்லை என்று பொருள். இந்த ஒரு சோதனையே போதும், வேறு எதுவும் தேவையில்லை.

‘பொன்னிற வயல்’ பார்த்து எழுதியதும் இல்லை. பொன்னிறம் பின்னால்தான் இருக்கிறது. பெண்களின் காலடியில் இருப்பது வெட்டப்பட்ட அரிதாள். பழகிய சொற்றொடர் கண்ணை மறைத்துவிட்டது.

இன்னொரு வகைப் பிழையும் வரும். கிராமம் என்றதும் நமக்குப் பழகிய நெல், ஏர், சேலை எல்லாம் கவிதைக்குள் வந்துவிடும். இந்த ஓவியத்தில் இருப்பது கோதுமை. உடை கனமான பாவாடை, முன்துணி, தலைத்துணி. படத்தில் இல்லாத பொருளை உள்ளே கொண்டுவந்தால், திருத்துபவர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

வினைச்சொல்லில் ஒரு தந்திரம்

ஓவியத்தில் எந்தச் செயலும் முடிவதில்லை. குனிந்தவர் குனிந்தபடியே இருக்கிறார். இதைக் காட்டத் தமிழில் அருமையான வசதி ஒன்று இருக்கிறது: வினையெச்சம். ‘குனிந்து’, ‘நீண்டு’, ‘தேட’ என்று நிறுத்தினால் செயல் தொங்கிக்கொண்டு நிற்கும். ‘குனிந்தாள்’ என்றால் முடிந்துபோகும். அதனால் ஓவியத்தில் உள்ளவர்களுக்கு எச்சமும், பேசுபவருக்கு முற்றும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஓவியத்தின் பெண்களால் முடிக்க முடியாததை, பார்ப்பவரால் முடிக்க முடியும். அந்த ஏற்றத்தாழ்வும் கவிதைக்குள் வந்துவிடும். கவிதை நெடுக எச்சமாகவே போனால் படிப்பவர் தடுமாறிவிடுவார் என்பதால், இரண்டு பெண்களுக்கும் கடைசி வரிக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

வரியின் நீளத்தையும் ஓவியத்திடமே கேட்கலாம். பின்னணியில் நிறைய இருக்கிறது, அகலமாக இருக்கிறது, அதற்கு நீண்ட வரி. முன்னால் கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்குச் சின்ன வரி. மரபுக் கவிதை எழுதத் தெரிந்தவர்கள் தாராளமாக எழுதலாம், ஆனால் எதுகைக்காகப் படத்தில் இல்லாத பொருளைச் சேர்க்கும் ஆசை வரும். அது வராது என்று நம்பிக்கை இருந்தால் மட்டும்.

இவையெல்லாம் சேர்ந்து வந்த வரைவு இது:

பாதி

தூரத்தில் வெயில் தங்கிய கதிர்ப்போர்கள், பாரம் ஏறிய வண்டி,
கூட்டமாய் ஆட்கள், தனியே குதிரைமேல் ஒருவர்.
அங்கே பேசுவது எதுவும் இங்கே கேட்காது.

இங்கே
அரிதாள்.
அரிதாளுக்குள்
ஒரு கதிர்.

நீலத் துணிக்காரி
ஒரு கை முதுகில் மடங்க
மறு கை தரையைத் தேட

சிவப்புத் துணிக்காரி
பிடித்த கதிரை விடாமல்
இன்னொன்றுக்கு நீண்டு

மூன்றாமவளே,
உன் முதுகு பாதியில் நிற்கிறது.
நிமிரப் போகிறாயா,
இப்போதுதான் குனிகிறாயா?
வெளிச்சம் தீர்வதற்குள்
இன்னும் எத்தனை முறை?

நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.
நீ
பாதி குனிந்து

வறுமை என்ற சொல் எங்கேயும் இல்லை. கண்காணிப்பாளர் என்ற விளக்கமும் இல்லை, ‘தனியே குதிரைமேல்’ என்பது போதும். படித்துத் தெரிந்துகொண்டதில் கவிதைக்குள் நுழைந்தது ‘வெளிச்சம் தீர்வதற்குள்’ என்ற ஒரே வரிதான். முகத்தைப் பற்றி ஒரு வரி வைக்கலாமா என்று யோசிக்கலாம், ஆனால் கவிதை ஏற்கனவே முதுகையும் கையையும் மட்டுமே பார்ப்பதால், முகம் இல்லாதது சொல்லாமலே தெரிகிறது.

முடிவுக்கு வேறொரு வரியும் மனதில் வரக்கூடும்: ‘உன்னைப் பார்க்க நானும் குனிகிறேன்’. புத்தகத்தின் மேல் குனிந்து பார்க்கும் மாணவருக்கும் வயலில் குனிந்தவளுக்கும் ஒரு பொருத்தம் வருவதால் அழகாகத்தான் தோன்றும். ஆனால் அது உண்மையான பொருத்தம் இல்லை. ஒருவர் ஒப்படைப்புக்காக ஐந்து நிமிடம் குனிகிறார், இன்னொருவர் சாப்பாட்டுக்காகக் குனிகிறார். இரண்டையும் சமமாக்கும் வரி பார்ப்பவருக்கு ஆறுதல் தரும், அவளை மறந்துவிடும். பக்கத்தைத் திருப்பிவிடுவேன் என்று ஒப்புக்கொள்வது அதைவிட நேர்மை. இந்த மாதிரி இனிப்பான வரிகள் கடைசியில்தான் வரும். வந்தால் ஒரு நாள் கழித்துப் படித்துப் பாருங்கள்.

கூடவே கொடுக்கும் குறிப்பு

கலை ரசனை ஒப்படைப்பு என்பதால் கவிதையோடு ஒரு சின்னக் குறிப்பும் பெரும்பாலும் கேட்பார்கள். கவிதையின் பொருளை அங்கே உரைநடையில் திரும்பச் சொல்ல வேண்டாம். ஓவியத்தில் நீங்கள் கண்ட ஒன்று கவிதையில் எப்படி ஒரு வரியாகவோ வடிவமாகவோ மாறியது என்பதைச் சொன்னால் போதும். இரண்டு அல்லது மூன்று இடங்களுக்கு மேல் தேவையில்லை. நமது கவிதைக்கு இப்படி எழுதலாம்:

‘மில்லே விளைச்சலைத் தொலைவில், வெளிச்சத்தில் வைத்திருக்கிறார். பெண்களை அருகில், வெறும் அரிதாள் தரையில் வைத்திருக்கிறார். அதனால் தொலைவுக்கு நீண்ட வரிகளும் அருகில் உள்ளதற்குக் குறுகிய வரிகளும் பயன்படுத்தினேன். ஓவியத்தில் குனிதல் முடிவதே இல்லை என்பதால், முதல் இரு பெண்களின் செயல்களையும் கடைசி வரியையும் வினையெச்சத்தில் நிறுத்தினேன். மூன்றாவது பெண் நிமிர்கிறாளா குனிகிறாளா என்பது ஓவியத்தில் தெரியவில்லை. அந்தத் தெளிவின்மையே கவிதையின் கேள்வி.’

‘இந்த ஓவியம் என் மனதை மிகவும் பாதித்தது’ என்று தொடங்கும் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பாதித்ததா இல்லையா என்பது கவிதையில் தெரியும்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. ஓவியத்தைப் பார்க்காத ஒருவரிடம் கவிதையை மட்டும் படித்துக் காட்டி, மூன்று நான்கு கிராமத்து ஓவியங்களை முன்னால் வைத்து, எது என்று கேளுங்கள். சரியாகக் காட்டிவிட்டால் பார்த்தது போதுமான அளவு உள்ளே வந்திருக்கிறது. அப்புறம் ஓவியத்தையும் கவிதையையும் சேர்த்து வைத்து, கவிதையால் புதிதாக என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ‘ஒன்றுமில்லை, படத்தில் இருப்பதுதான்’ என்றால் விவரணை நன்றாக இருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. அப்போது வரிகளைத் திருத்திப் பயனில்லை. ஓவியர் சொல்லாமல் விட்ட இடத்தைத் தேடும் கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

தாளின் மேலே ஓவியத்தின் விவரத்தை எழுத மறக்க வேண்டாம்: ழான் பிரான்சுவா மில்லே, ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’, 1857, எண்ணெய் வண்ணம், ஓர்சே அருங்காட்சியகம், பாரிஸ். படத்தைத் தாளில் ஒட்டுவதானால் ஓரம் வெட்டாமல் ஒட்டுங்கள், குதிரைக்காரர் உள்ளே இருக்கட்டும்.